இருநூறு பேர் விருந்துக்கு எத்தனை சிலிண்டர்: எடைக் கணக்கு ஒன்று, வேகக் கணக்கு ஒன்று

இருநூறு பேருக்குச் சமைக்க எவ்வளவு கேஸ் ஆகும் என்று கேட்டால், "ரெண்டு சிலிண்டர் வாங்கி வெச்சுக்குங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பல நேரம் அது சரியாகவும் போய்விடும். ஏன் இரண்டு என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. அதனால்தான் அடுப்பு மாறினாலோ, குளிர் நாளில் சமைத்தாலோ, அதே இரண்டு சிலிண்டர் பாதிச் சமையலில் காலை வாரிவிடுகிறது. தீ தணிந்து நீல நாக்கு குட்டையாகிவிடும். சிலிண்டரை அசைத்துப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் திரவம் தளும்பும். கேஸ் தீரவில்லை, ஆனால் தீ இல்லை.

இங்கே போட வேண்டிய கணக்கு இரண்டு. மொத்தம் எத்தனை கிலோ எரியும் என்பது ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோவைச் சிலிண்டர் கொடுத்தாக வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கணக்கைப் பலரும் எப்படியோ போட்டுவிடுகிறார்கள். சமையலை நிறுத்துவது இரண்டாவது கணக்குதான்.

முதலில் அடுப்பில் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம். வணிக அடுப்பின் தகட்டில் அதன் திறனைக் கிலோவாட்டிலோ, பி.டி.யு.விலோ, கிலோகலோரியிலோ, நேராக மணிக்கு இத்தனை கிலோ என்றோ போட்டிருப்பார்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் வரும். அதாவது ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எரிக்கும் அடுப்பு சுமார் 13 கிலோவாட் அடுப்பு. ஆகவே கிலோவாட் என்றால் 13 ஆல் வகுக்க வேண்டும், பி.டி.யு. என்றால் 44,000 ஆல், கிலோகலோரி என்றால் 11,000 ஆல். வருவது முழுத் தீயில் மணிக்கு எரியும் கிலோ. 20 கிலோவாட் அடுப்பு மணிக்கு 1.54 கிலோ எரிக்கும், 12 கிலோவாட் அடுப்பு 0.92 கிலோ எரிக்கும். தயாரிப்பவர்கள் வெப்ப மதிப்பை இரண்டு விதமாக எடுப்பதால் இந்த எண்கள் எட்டு சதவீதம் வரை முன்பின் ஆகலாம். விருந்துக் கணக்குக்கு அது பொருட்டல்ல.

தகட்டில் உள்ள எண் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குத்தான் பொருந்தும். இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. உயர் அழுத்த அடுப்பில் ரெகுலேட்டர் குமிழைத் திருகத் திருக ஜெட் வழியாகப் போகும் கேஸ் கூடும். அழுத்தம் பாதியானால் கேஸ் பாதியாகிவிடாது, ஏறக்குறைய 70 சதவீதம் போகும். இரட்டிப்பாக்கினால் 40, 50 சதவீதம் கூடும். ஆகவே "20 கிலோவாட், 1 பார்" என்று போட்டிருக்கும் அடுப்பை 2 பாரில் வைத்து எரித்தால், மணிக்கு ஒன்றரை கிலோ என்று போட்ட கணக்கு அங்கேயே பொய்யாகிவிடும். பல வாடகை அடுப்புகளில் தகடே இருக்காது. இருந்தாலும், ஜெட் அடைத்துக்கொண்டது என்று யாரோ கம்பி விட்டுக் குடைந்து துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள்.

அந்த மாதிரி அடுப்புக்குத் தராசுதான் தகடு. விருந்துக்கு முதல் நாள் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நூறு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசின் மேல் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, ரெகுலேட்டரும் குழாயும் மாட்டியபடியே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் தராசை இழுக்காமல் தொய்வாக இருக்கட்டும். அடுப்பில் 40 லிட்டர் தண்ணீர் வைத்து, சமையலன்று எந்தத் தீயில் எரிப்பீர்களோ அதே தீயில் சரியாக 30 நிமிடம் எரியுங்கள். எடை 34.6 கிலோவிலிருந்து 33.9 ஆகியிருந்தால் 0.7 கிலோ எரிந்திருக்கிறது, மணிக்கு 1.4 கிலோ. அதாவது இது 18 கிலோவாட் அடுப்பு, தகடு என்ன சொன்னாலும் சரி.

அதே சோதனையில் இன்னொரு செய்தியும் கிடைக்கும். தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 97 டிகிரிக்கு வந்திருந்தால் அதற்குள் போன வெப்பம் 11.7 மெகாஜூல். எரிந்த 0.7 கிலோ கொடுத்ததோ 32 மெகாஜூல். மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் அண்டாவுக்குள் போயிருக்கிறது, மீதி காற்றோடு போய்விட்டது. திறந்த வெளியில் பெரிய அடுப்பின் திறன் இப்படித்தான் இருக்கும். 40 சதவீதம் வந்தால் நல்ல அடுப்பு, நல்ல மறைப்பு என்று கொள்ளலாம். அடிப்பாகம் சிறியதாக இருந்து தீ பக்கவாட்டில் ஏறி அண்டாவின் கழுத்தை நக்கினால் 30க்குக் கீழே இறங்கிவிடும். தீயைக் கூட்டினால் சீக்கிரம் கொதிக்கும் என்று நினைப்போம், ஆனால் அந்த அளவுக்கு மேல் கூட்டுவதெல்லாம் காற்றைச் சூடாக்கத்தான் போகும்.

அடுத்தது நேரம். இங்கேதான் பெரும் பிழை நடக்கிறது. "மூன்று அடுப்பு, நாலு மணி நேரம்" என்று பெருக்கினால் தேவையை விட ஒன்றரை மடங்கு வரும், ஏனென்றால் எந்த அடுப்பும் நாலு மணி நேரமும் முழுத் தீயில் எரிவதில்லை. ஒவ்வொரு அடுப்பின் நேரத்தையும் முழுத் தீ நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கொதிக்க வைப்பதற்கு முழுத் தீ. வதக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு. எண்ணெய் காய்ந்தபின் பொரிப்பதற்குச் சுமார் 0.7 பங்கு, ஏனென்றால் ஒவ்வொரு ஈடு போடும்போதும் எண்ணெய் குளிர்ந்து தீயைக் கூட்ட வேண்டியிருக்கும். சிம்மில் கொதிக்க விடுவதற்கு 0.3 பங்கு. மூடி போட்டால்தான் இந்தக் கடைசி எண் நிற்கும். மூடியில்லாமல் கொதிக்கும் அண்டாவிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் 2.26 மெகாஜூலைத் தூக்கிக்கொண்டு போகிறது. 40 சதவீதத் திறனில் அது 120 கிராம் கேஸ்.

இப்போது ஒரு விருந்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இருநூறு பேர், ஒரு வேளைச் சாப்பாடு. சோறு, இரண்டு வகைக் குழம்பு, எண்ணெயில் பொரித்த ஒரு வகை, சூடான பானம், பாத்திரம் கழுவ வெந்நீர். 20 கிலோவாட் அடுப்பு இரண்டு, 12 கிலோவாட் அடுப்பு ஒன்று.

முதல் 20 கிலோவாட் அடுப்பில் சோறும் தண்ணீரும். 24 கிலோ அரிசியை இரண்டு ஈடாக, ஈட்டுக்கு 12 கிலோவும் 24 லிட்டர் தண்ணீருமாக வைக்கிறோம். ஓர் ஈடு கொதிக்க 25 நிமிடம் முழுத் தீ, வேக 20 நிமிடம் சிம். பானத்துக்கு 24 லிட்டர், 20 நிமிடம் முழுத் தீ, அப்புறம் 30 நிமிடம் சிம். வெந்நீர் 100 லிட்டர், 65 நிமிடம் முழுத் தீ. இந்த 65 எங்கிருந்து வந்தது என்றால், 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 31.4 மெகாஜூல் வேண்டும். 20 கிலோவாட்டில் 40 சதவீதம் என்றால் அண்டாவுக்குள் போவது 8 கிலோவாட், அதாவது நொடிக்கு 8 கிலோஜூல். வகுத்தால் 65 நிமிடம். அடுத்து வரும் குழம்புகளின் கொதி நேரங்களையும் இப்படியே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக, இந்த அடுப்பில் முழுத் தீ 135 நிமிடம், சிம் 70 நிமிடம். சிம்மை 0.3 ஆல் பெருக்கினால் 21. மொத்தம் 156 நிமிடம், அதாவது 2.6 மணி. 1.54 ஆல் பெருக்கினால் 4.0 கிலோ.

இரண்டாவது 20 கிலோவாட் அடுப்பில் குழம்புகள். தாளித்து வதக்க 40 நிமிடம் மூன்றில் இரண்டு தீயில், அது 27 நிமிடத்துக்குச் சமம். 60 லிட்டர் கொதிக்க 40 நிமிடம் முழுத் தீ. பின் ஒன்றரை மணி நேரம் சிம், அது 27 நிமிடம். இரண்டாவது குழம்பு 40 லிட்டர், கொதிக்க 26 நிமிடம், ஒரு மணி நேரச் சிம்முக்கு 18 நிமிடம். கூட்டினால் 138 நிமிடம், 2.3 மணி, 3.54 கிலோ.

மூன்றாவது 12 கிலோவாட் அடுப்பில் பொரிப்பது. எண்ணெய் காய 15 நிமிடம், பொரிக்க இரண்டரை மணி நேரம் 0.7 பங்குத் தீயில், அது 105 நிமிடம். மொத்தம் 2 மணி, 1.84 கிலோ.

எல்லாம் சேர்த்து 9.4 கிலோ. எல்லா அடுப்பும் எரிந்த நேரமெல்லாம் முழுத் தீ என்று போட்டிருந்தால் 14.4 கிலோ வந்திருக்கும். காகிதத்தில் உள்ள 9.4ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. காற்றடிக்கும், பரிமாறத் தாமதமாகும், குழம்பை மறுபடி சூடாக்க வேண்டிவரும். அதற்கு 30 சதவீதம் சேர்த்தால் 12.2 கிலோ. வெட்டவெளியில் மறைப்பில்லாமல் சமைத்தால் 30 போதாது, 50 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை இருநூறால் வகுத்துத் தலைக்கு 61 கிராம் என்று மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த விருந்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பொரிப்பது இரண்டு வகையானாலோ, வெந்நீரை வேறு வழியில் சூடாக்கினாலோ எண் மாறிவிடும்.

19 கிலோ சிலிண்டர் என்று வைத்துக்கொண்டால், 12.2 கிலோவுக்கு ஒன்றே போதும் போலத் தெரிகிறது. வேறு அளவுச் சிலிண்டர் என்றால் அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது உள்ளேயே கொதித்து ஆவியானால்தான் குழாய்க்கு வரும். ஒரு கிலோ ஆவியாக வேண்டிய வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமம். அந்த வெப்பத்தை யாரும் சிலிண்டருக்குக் கொடுப்பதில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும், போதாததைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்துகொண்டே போகும். நிறைந்த சிலிண்டருக்குள் திரவம் நிறைய இருப்பதால் முதல் மணி நேரம் அந்தச் சூட்டைச் செலவழித்துக் கூடுதலாகவே கொடுத்துவிடும். சேமிப்பு தீர்ந்தபின், மிதமான வெயில் நாளில் 19 கிலோ சிலிண்டர் ஒன்று தொடர்ந்து கொடுக்கக்கூடியது மணிக்குச் சுமார் 1 கிலோதான். குளிர் நாளில் அதிலும் குறையும். காலையில் நன்றாக எரிந்த அடுப்பு இரண்டாம், மூன்றாம் மணி நேரத்தில் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்க்கும். அந்த ஈரம் எந்த மட்டம் வரை நிற்கிறதோ அதுவரைதான் உள்ளே திரவம். புறங்கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தால், சட்டென்று சில்லிடும் இடம் தெரியும், அதுதான் திரவ மட்டம். ஈரம் வெண்மையாக உறைய ஆரம்பித்தால் சிலிண்டர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஈரமும் இல்லை, மட்டமும் கீழே இருக்கிறது, தீ மட்டும் தணிகிறது என்றால் கேஸ் நிஜமாகவே தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் தீ ஒரே மாதிரிதான் தணியும், சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

கடைசிக் கேஸ் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்கு மைனஸ் அரை டிகிரி வேண்டும். எளிதில் கொதிக்கும் புரொப்பேன் முதலில் போய்விடுவதால் அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். 10 டிகிரிக்குக் குளிர்ந்த பியூட்டேன் கொடுக்கும் அழுத்தம் அரை பார் மட்டுமே. 1 பார் கேட்கும் உயர் அழுத்த அடுப்புக்கு அது எப்படிப் போதும்? ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கிலோ பயன்படாமல் நின்றுவிடும் என்று கணக்கிலேயே கழித்துவிடுங்கள்.

நம் விருந்தில் மூன்று அடுப்பும் ஒரே நேரத்தில் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு 1.54, 1.54, 0.92, சேர்த்து 4 கிலோ. ஒற்றைச் சிலிண்டரால் அது நடக்காது. இங்கே சிலிண்டரைக் கூட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். வெந்நீரைச் சமையல் தொடங்குவதற்கு முன்பே வைத்துவிடலாம். முதல் குழம்பு சிம்முக்கு வந்தபின் சோற்றின் முதல் ஈட்டை ஏற்றினால், அப்போது எரிவது சோற்றுக்கு 1.54, குழம்புக்கு 0.46, பொரிப்பதற்கு 0.65, மொத்தம் 2.65 கிலோ. ஐந்து மணி நேரத்தில் பரவினால் சராசரி மணிக்கு 1.9 கிலோதான். பல சிலிண்டரை ஒரே குழாயில் இணைக்கும் மேனிஃபோல்டில் இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இரண்டு வால்வையும் திறந்து வைத்தால் தொடர் ஓட்டத்துக்கு மணிக்கு 2 கிலோ கிடைக்கும், உச்ச நேரத்தைத் திரவத்தின் சேமிப்புச் சூடு தாங்கிக்கொள்ளும். மூன்றாவது ஒன்று நிறைந்தபடி மூடி நிற்கட்டும். குளிர் நாளில் மூன்றையும் இணைத்துவிடுவதே நல்லது.

இரண்டு சிலிண்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதும், ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவதும் எடைக் கணக்கில் ஒன்றுதான். வேகக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டலாம் என்று வைத்திருப்பவர்கள், பாதி நிறைந்த உறைந்த சிலிண்டரைக் காலி என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அது சூடேறித் திரும்பவும் எரியும். அதற்குள் விருந்து முடிந்திருக்கும்.

மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டர் குழாயிலும் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றைக் கழற்றும்போது மற்றதிலிருந்து கேஸ் வெளியே வரும். ரெகுலேட்டரின் மேலும் மணிக்கு எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். வீட்டு ரெகுலேட்டரை மாட்டிவிட்டு மூன்று வணிக அடுப்பை எரிக்கப் பார்த்தால், சிலிண்டர் எத்தனை இருந்தாலும் கழுத்து அங்கேயே நெரிபட்டுவிடும். எல்லா அடுப்பின் முழுத் தீயையும் கூட்டிய எண்ணை, நம் கணக்கில் 4 கிலோவை, ரெகுலேட்டர் தாங்க வேண்டும்.

தீ தணிந்தால் சமையல்காரர்கள் செய்யும் இரண்டு வேலைகளை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். ஒன்று, சிலிண்டரின் மேல் கொதிநீர் ஊற்றுவது அல்லது அடுப்புப் பக்கம் நகர்த்துவது. சூடு எவ்வளவு போகிறது என்பது யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது, உள்ளே அழுத்தம் தாறுமாறாக ஏறும். இன்னொன்று, சிலிண்டரைச் சாய்ப்பது, படுக்க வைப்பது. அப்போது ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் போகும். அது வெளியே வந்து விரியும்போது இருநூறு மடங்குக்கு மேல் பெருகும், அடுப்பில் ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும். தீ தணிந்தால் செய்ய வேண்டியது, சிம்மில் வைக்க முடிந்த அடுப்பையெல்லாம் சிம்முக்குக் கொண்டுவந்து, அதுவும் போதாவிட்டால் அடுப்புகளை முழுதும் மூடிவிட்டு மூன்றாவது சிலிண்டரை இணைத்து, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பற்றவைப்பதுதான். பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தைச் சோறு தாங்கும்.

காற்று மறைப்பை அடுப்புக்கு மட்டும் வையுங்கள், சிலிண்டருக்கு வேண்டாம். காற்றோட்டம்தான் சிலிண்டருக்கு வெப்பம் கொடுக்கிறது. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு ஓடித் தாழ்வான இடத்தில் தேங்கும். பள்ளத்திலோ சாக்கடை வாய்க்கு அருகிலோ சிலிண்டரை நிறுத்தக் கூடாது. அண்டாவின் அடியில் கரி பிடித்தால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது அல்லது சரியாகத் திறக்கவில்லை. மஞ்சள் நுனி மறையும் வரை அதைத் திருகிச் சரிசெய்துவிட்டு அடுத்த ஈட்டை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மேலே போட்ட 40 சதவீதம் கைக்கு வராது.

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் காலிச் சிலிண்டரின் எடை குத்தியிருக்கும். வந்திறங்கியதும் அதைப் படித்து, தராசில் ஏற்றி, உள்ளே எவ்வளவு கேஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். 19 கிலோ என்று வந்ததில் குறைவிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். விருந்து முடிந்ததும் மறுபடி ஏற்றிப் பாருங்கள். 9.4 என்று போட்ட இடத்தில் 11 கிலோ போயிருந்தால், எந்த அடுப்பு எவ்வளவு நேரம் கூடுதலாக எரிந்தது என்று அன்றே கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலும் வெந்நீர் அடுப்பை அணைக்க மறந்திருப்பார்கள், அல்லது குழம்பு அண்டாவின் மூடி முழு நேரமும் சுவரோரம் சாய்ந்து நின்றிருக்கும்.